மாத்தறை வைரத்தில் ஒளிந்திருந்த மூலகம்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இரசாயனத்தைப் பற்றி ஏதாவது பேசவேண்டுமென்று எனக்குக் கட்டளை. வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வந்திருக்கும் பெரியோருக்கும், பரீட்சைக்குப் படிக்கும் தம்பி தங்கையருக்கும் ஒருங்கே உவப்பான பொருள் எது என்று யோசித்தேன். நம் நாட்டுக் கல்லொன்றே வழிகாட்டியது. மாத்தறை வைரம் என்று ஒரு கல் உண்டு. பெயர்தான் வைரம், உண்மையில் அது நிறமற்ற சேர்க்கோன். அதே சேர்க்கோன் திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கடற்கரை மணலிலும் இல்மனைற்று, ரூற்றைல், மொனசைற்று ஆகியவற்றோடு கலந்து கிடக்கின்றது.

1789-ஆம் ஆண்டிலே ஜேர்மன் இரசாயனர் மார்ட்டின் கிளாப்ரொத் என்பவர் இலங்கையிலிருந்து சென்ற சேர்க்கோன் கல்லொன்றைப் பகுத்துப் பார்த்து, அதில் அதுவரை அறியப்படாத ஒரு பொருள் இருப்பதைக் கண்டார். அதிலுள்ள மூலகமே சேர்க்கோனியம். ஆனால், அதே கல்லுக்குள் இன்னொரு மூலகமும் இருந்தது. அது 1923 வரை, அதாவது 134 வருடங்கள், ஒருவர் கண்ணுக்கும் அகப்படவில்லை. எத்தனையோ பேர் சேர்க்கோனைக் கரைத்தார்கள், வடித்தார்கள், நிறுத்தார்கள். அது மட்டும் அகப்படவில்லை. ஏன்? இந்தக் கேள்விக்கு விடை சொல்வதே என் பேச்சின் நோக்கம். அதற்கு ஆவர்த்தன அட்டவணையின் ஒழுங்கையும், அந்த ஒழுங்கு தவறும் இடங்களையும் சற்றே பார்க்கவேண்டும்.

ஒழுங்கு எளிது. அட்டவணையில் ஒரு வரிசையிலே இடமிருந்து வலமாகப் போகும்போது, ஒவ்வோரடிக்கும் கருவில் ஒரு புரோத்தனும் வெளியே ஓர் இலத்திரனும் கூடுகின்றன. புதிய இலத்திரன் பெரும்பாலும் அதே ஓட்டில் சேர்கின்றது. நம் ஆடிவேல் விழாவை நினைத்துக்கொள்ளுங்கள். முன்வரிசையில் நிற்பவர் பின்னால் நிற்பவருக்கு வேலை மறைப்பார். பக்கத்தில் நிற்பவர் அவ்வளவாக மறைப்பதில்லை. அவ்வாறே ஒரே ஓட்டிலுள்ள இலத்திரன்கள் ஒன்றுக்கொன்று கருவை நன்றாக மறைப்பதில்லை. ஆகவே கருவின் இழுப்பு வலுக்கின்றது, அணு சிறுக்கின்றது, இலத்திரனைப் பிடுங்குவதற்கு வேண்டிய அயனாக்கற் சக்தி கூடுகின்றது. பிணைப்பிலுள்ள இலத்திரனைத் தன்பக்கம் இழுக்கும் மின்னெதிர்த்தன்மையும் கூடுகின்றது. மேலிருந்து கீழாக இறங்கினால் புதிய ஓடு ஒன்று சேர்கின்றது, அணு பருக்கின்றது, மற்றவை குறைகின்றன. பரீட்சைக்கு இவ்வளவும் யாவரும் மனனம் செய்ததே.

இனி விதிவிலக்குகள். யாவரும் முதலிற் கேட்பது நைதரசனும் ஒட்சிசனும். ஒரு மூல் அணுவுக்கு நைதரசனின் அயனாக்கற் சக்தி 1402 கிலோயூல். அடுத்துள்ள ஒட்சிசனுக்கோ 1314 தான். "அரைநிரம்பிய ஒழுக்குகள் உறுதியானவை" என்று எழுதினாற் புள்ளி கிடைத்துவிடும். ஆனால், அது காரணத்துக்குப் பெயர் வைப்பதேயன்றிக் காரணத்தைச் சொல்வதன்று என்பது என் எண்ணம். எண்களையே வரிசையாக வைத்துப் பாருங்கள். போரன் 801, காபன் 1086, நைதரசன் 1402. ஒவ்வோரடிக்கும் முந்நூறு அளவில் ஏறுகின்றது. இதே போக்கில் ஏறியிருந்தால் ஒட்சிசன் 1700-ஐ எட்டியிருக்க வேண்டும். ஒட்சிசனுக்குப் பின் புளோரீன் 1681, நேயன் 2081. அங்கும் ஏற்றந்தான், ஆனால், அந்த மூன்றும் முதல் மூன்றின் கோட்டிலிருந்து நன்றாகக் கீழே இறங்கிய இன்னொரு கோட்டில் நிற்கின்றன. ஆகவே தவறியது ஒட்சிசன் மாத்திரமன்று. மூன்றுமே ஒருமித்து இறங்கியிருக்கின்றன.

காரணம் இது. அந்த ஓட்டிலே பீ என்னும் வகை ஒழுக்குகள் மூன்று. போரன், காபன், நைதரசன் ஆகியவற்றில் ஒவ்வோர் இலத்திரனும் ஒவ்வோர் அறையில் தனியே குடியிருக்கின்றது. ஒரே திசையிற் சுழலும் இவை இயல்பாகவே ஒன்றைவிட்டொன்று விலகி நிற்கின்றன. ஒட்சிசனில் நாலாவது இலத்திரன் ஏற்கெனவே ஒருவர் இருக்கும் அறைக்குள் நுழையவேண்டும். இருவரும் எதிர்மின்னேற்றம் உடையவர்கள், ஒருவரையொருவர் தள்ளுகிறார்கள். ஆகவே வெளியேற்றுவது இலகுவாகின்றது. அடுத்த வரிசையிலே பொசுபரசு 1012, கந்தகம் 1000. இறக்கம் பன்னிரண்டு மாத்திரமே. அணு பெரிதானபடியால் அறையும் விசாலம். இருவர் இருந்தாலும் நெருக்கம் குறைவு.

மின்னெதிர்த்தன்மையில் இந்தப் பள்ளம் தோன்றுவதில்லை என்பதையும் கவனிக்க. போலிங் 1932-இல் வகுத்த அளவுத்திட்டத்தின் இன்றைய எண்களின்படி நைதரசன் 3.04, ஒட்சிசன் 3.44, புளோரீன் 3.98, தங்குதடையில்லாத ஏற்றம். அந்த எண்கள் தனித்த அணுவிலிருந்து இலத்திரனைப் பிடுங்கி அளந்தவை அல்ல. பிணைப்புகளின் சக்தியிலிருந்து கணித்தவை. இரண்டு அளவுகளும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடைகள். ஒன்றிலுள்ள விதிவிலக்கை மற்றதிலும் தேடக்கூடாது. ஆரையிலும் இப்படியொரு பொறி உண்டு. சில அட்டவணைகள் நேயனைப் புளோரீனிலும் மிகப் பெரிதாகக் காட்டும். அது மெய்யான விதிவிலக்கன்று. நேயன் பிணைவதில்லையாகையால், தொட்டுக்கொண்டு நிற்கும் இரு அணுக்களுக்கிடையே அளந்த ஆரையை, பிணைந்த அணுக்களின் ஆரையோடு ஒப்பிட்டதால் வந்த மயக்கம்.

இனி மேலிருந்து கீழாக இறங்குவோம். அலுமினியத்தின் அயனாக்கற் சக்தி 578. அதன் கீழுள்ள கல்லியத்துக்கு 579. குறையவேண்டியது குறையவில்லை. மின்னெதிர்த்தன்மையோ 1.61-இலிருந்து 1.81-க்கு ஏறியே விட்டது. இடையில் நடந்ததென்ன? அலுமினியம் மகனீசியத்துக்கு அடுத்த வீடு. கல்லியமோ கல்சியத்துக்கு அடுத்ததன்று; நடுவே இசுக்காந்தியம் முதல் நாகம் வரை பத்து மூலகங்கள் புகுந்திருக்கின்றன. கருவிலே பத்துப் புரோத்தன்கள் மேலதிகமாகக் கூடின. அவற்றோடு வந்த பத்து இலத்திரன்களும் உள் ஓட்டிலே டீ என்னும் வகை ஒழுக்குகளிற் சேர்ந்தன. உள்ளே இருப்பவை நன்றாக மறைக்குமே என்று கேட்கலாம். டீ இலத்திரன்கள் கருவுக்கு நெருக்கமாகத் திரண்டு நிற்பதில்லை. கலைந்து நிற்கும் கூட்டம் போலப் பரந்து கிடக்கின்றன. வெளியேயுள்ள எஸ் வகை இலத்திரன்கள் அக்கூட்டத்தினூடே புகுந்து கருவுக்கு அருகே போய்வரும் இயல்புடையவை. ஆகவே பத்துப் புரோத்தன்களின் இழுப்பில் ஒரு பகுதி மறைக்கப்படாமலே வெளி இலத்திரன்களைச் சேர்கின்றது.

இப்பொழுது நம் மாத்தறைக் கல்லுக்கு வருவோம். தைத்தேனியம், சேர்க்கோனியம், ஹாப்னியம் ஆகிய மூன்றும் ஒரே கூட்டத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பவை. உலோக அணுவின் ஆரை தைத்தேனியத்தில் 147 பிக்கோமீற்றர், சேர்க்கோனியத்தில் 160. பதின்மூன்று கூடியது, விதி சரி. ஹாப்னியத்தில் 159! அணுவெண் 40-இலிருந்து 72-க்குத் தாவி, முழுதாக ஓர் ஓடும் சேர்ந்த பின்னர் அணு ஒரு துளியும் பருக்கவில்லை.

இடதுபக்கத்து வீட்டைப் பார்த்தால் இரகசியம் வெளியாகும். அங்கே மேலே யிற்றியம் 180, கீழே இலந்தனம் 187. விதி அங்கே ஒழுங்காகவே நடக்கின்றது. ஆனால் இலந்தனத்துக்கும் ஹாப்னியத்துக்கும் நடுவே பதினான்கு மூலகங்கள் உள்ளன. அவற்றிலே எஃப் என்னும் வகை ஒழுக்குகள் நிரம்புகின்றன. எஃப் இலத்திரன்கள் டீயை விடவும் மோசமான மறைப்பாளர்கள். ஒவ்வோரடிக்கும் ஒரு புரோத்தன் கூட, மறைப்பு அவ்வளவு கூடுவதில்லை. அணு சிறிது சிறிதாகச் சுருங்குகின்றது. மும்மை ஏற்றமுள்ள அயன்களை அளந்தால், இலந்தனத்தில் 103 பிக்கோமீற்றர், வரிசையின் முடிவிலுள்ள இலுத்தேத்தியத்தில் 86. அடியொன்றுக்கு ஒரு பிக்கோமீற்றருக்குச் சற்று மேல், கேட்க அற்பம். பதினான்கு அடியிற் சேர்ந்த அந்த அற்பமே, புதிய ஓடு தந்த பருமனை முழுவதும் விழுங்கிவிட்டது. இதற்கு இலந்தனைட்டுச் சுருக்கம் என்று பெயர்.

ஆரை ஒன்று, வெளி இலத்திரன்களின் எண்ணிக்கை ஒன்று, அயனாக்கற் சக்தியும் 640, 659 என்று அருகருகே, மின்னெதிர்த்தன்மை இரண்டுக்கும் ஏறக்குறைய 1.3. இரசாயனன் கையிலுள்ள அமிலமும் காரமும் வெளி இலத்திரன்களோடுதான் பேசும். பேசியபோது இருவரும் ஒரே குரலில் விடை சொன்னார்கள். பளிங்கு கட்டும்போதும் சேர்க்கோனியத்தின் இருக்கையில் ஹாப்னியம் அப்படியே அமர்ந்துகொண்டது. 134 வருட மறைவாழ்வின் காரணம் இதுவே.

காட்டிக்கொடுத்தது எக்ஸ் கதிர். ஒவ்வோர் அணுவெண்ணுக்கும் தனக்கென எக்ஸ் கதிர்க் கோடுகள் உண்டென்பதை மோசிலி 1913-இல் காட்டியபின், 72-ஆம் இடம் வெற்றிடம் என்பது தெளிவாயிற்று. அதை அருமண் மூலகங்களுள்ளே சிலர் தேடினர். கொப்பன்ஹேகனில் நீல்ஸ் போர், எஃப் ஒழுக்குகள் 71-உடனேயே நிரம்பிவிடுகின்றன, ஆகவே 72 சேர்க்கோனியத்தின் உறவாக இருக்கவேண்டும் என்று வாதித்தார். அவருடைய நிலையத்தில் கொஸ்ரரும் ஹெவெசியும் சேர்க்கோனியக் கனியங்களை எக்ஸ் கதிரால் ஆராய்ந்தனர். எதிர்பார்த்த கோடுகள் தோன்றின. கொப்பன்ஹேகனின் பழைய இலத்தீன் பெயரான ஹாப்னியா என்பதிலிருந்து மூலகத்துக்குப் பெயரிட்டார்கள்.

தராசும் இவர்களைப் பிரித்தறியும். உருவம் ஒன்றானாலும் கரு ஒன்றன்று. சேர்க்கோனியத்தின் அடர்த்தி 6.5, ஹாப்னியத்தினது 13.3. அணு உலைக்கோ இவர்கள் நேரெதிர். சேர்க்கோனியம் நியூத்திரனைப் பெரும்பாலும் தடுக்காது விட்டுவிடும். எரிபொருட் கோல்களுக்கு உறை செய்வது அதனாலேதான். ஹாப்னியமோ அதைவிட ஏறக்குறைய அறுநூறு மடங்கு நியூத்திரனை விழுங்கும். உலையை அடக்கும் கோல்களுக்கு அது உதவுகின்றது. ஆகவே சேர்க்கோன் மணலிலுள்ள சேர்க்கோனியத்தை உலைக்குப் பயன்படுத்துமுன், சில சதவீதமே உள்ள ஹாப்னியத்தைப் பிரித்தே ஆகவேண்டும். புல்மோட்டையில் இல்மனைற்றைக் காந்தம் இழுக்கும். மின்னைக் கடத்தும் ரூற்றைலை மின்னேற்றத்தினாற் பிரிக்கலாம். சேர்க்கோன் மணலிலிருந்து ஹாப்னியத்தை எடுக்க அப்படியொரு குறுக்குவழியில்லை. முதலிலே இரட்டைப் புளோரைட்டு உப்புகளாக்கி, கரைத்துக் கரைத்துத் திரும்பத் திரும்பப் பளிங்காக்கினார்கள். பிற்காலத்திலே சேதனக் கரைப்பான்களாற் பிரிக்கும் முறை வந்தது. அங்கும் ஒருமுறை போதாது; படிபடியாகவே வேறாகும்.

கடைசியாக, செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருக்கும் பெரியோருக்காக ஒரு சொல். வெள்ளியின் அணு ஆரை 144 பிக்கோமீற்றர். அதன் கீழுள்ள பொன்னினதும் 144. இங்கும் எஃப் இலத்திரன்களின் வேலை உண்டு. அதனோடு, பொன்னின் கனத்த கருவைச் சுற்றும் உள் இலத்திரன்களின் வேகம் ஒளியின் வேகத்தோடு ஒப்பிடக்கூடிய அளவாதலால், ஐன்ஸ்டைனின் சார்புத் தத்துவப்படி வரும் சுருக்கமும் சேர்கின்றது. இரு அணுக்களும் ஒரே அளவாய் ஒரே ஒழுங்கில் அடுக்கப்படுவதால், பொன்னும் வெள்ளியும் எவ்விகிதத்திலும் ஒன்றோடொன்று கலக்கும். நிறையிலே மாத்திரம் அவை ஒளிய முடியாது: வெள்ளியின் அடர்த்தி 10.5, பொன்னின் அடர்த்தி 19.3.