ரவிக்கைக் கூலியும் தானியங்கி வணக்கமும்



அசோக் நகரில் நான்கு சிங்கங்கள் நிற்கும் தூணைக் கடந்து, பெயருக்குப் பதிலாக எண்ணைச் சுமந்து நிற்கும் அவென்யூக்களில் ஒன்றில் நுழைந்து, அதன் குறுக்குத் தெருவொன்றில் திரும்பினால், ஒரு வீட்டின் முன்னறையில் மூன்று தையல் இயந்திரங்களும் ஒரு ஓவர்லாக் இயந்திரமும் காலை முதல் இரவு வரை ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் சத்தத்தைக் கேட்கலாம். அந்தத் தையலகத்தை நடத்தும் அம்மையார் கத்தரியைக் கையில் எடுத்துவிட்டால் உலகத்தை மறந்துவிடும் சுபாவமுடையவர். ஆனால் அவருடைய கைப்பேசிக்கு அந்தச் சுபாவம் கிடையாது. சென்ற ஆண்டு தீபாவளிக்கு முன்பு ஒரு நாள், பட்டுத் துணியில் கழுத்து வெட்டிக்கொண்டிருந்தவர் ஐந்தாவது முறையாகக் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "சார், எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்கறாங்க, 'ரேட் என்ன'ன்னு. பதில் எழுதினா வெட்டு கோணலாயிடுது, எழுதலேன்னா வேற கடைக்குப் போயிடறாங்க," என்றார். அந்தச் சங்கடத்திலிருந்து பிறந்ததுதான் இன்றைய உரை.

வாட்ஸ்அப் நிறுவனம் சிறு வியாபாரிகளுக்கென்று 'வாட்ஸ்அப் பிசினஸ்' என்ற தனிச் செயலியை 2018-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியிட்டது. விற்கும் பொருள்களைப் படத்தோடும் விலையோடும் அடுக்கிக் காட்டும் கேட்டலாக் வசதி அதில் 2019 நவம்பரில் சேர்ந்தது; அதை முதலில் பெற்ற சில தேசங்களில் நம்முடையதும் ஒன்று. ஒரே எண்ணைச் சாதாரண வாட்ஸ்அப்பிலும் இந்தச் செயலியிலும் ஏககாலத்தில் வைத்துக்கொள்ள முடியாது என்பதால், அம்மையார் குடும்பத்துக்கு ஓர் எண், கடைக்கு ஓர் எண் என்று பிரித்துக்கொண்டார். கடைக்குத் தரைவழித் தொலைபேசி இருந்தால் அந்த எண்ணையே பதிவு செய்யலாம். சரிபார்க்கும் இலக்கத்தைக் குறுஞ்செய்தியாக அனுப்பாமல் அழைத்துச் சொல்வார்கள். இவ்வளவும் அரைமணி நேர வேலை.

உண்மையான யோசனை தேவைப்பட்டது கேட்டலாக்கில்தான். அந்த வசதியைச் சமைத்தவர்கள் செய்து முடித்த பொருளை அலமாரியில் வைத்து விற்கும் கடைக்காரரையே மனத்தில் கொண்டிருக்கிறார்கள். தையற்காரரோ பொருளை விற்பவர் அல்லர், பிறர் கொண்டுவரும் துணியின் மேல் தம் உழைப்பை விற்பவர். இந்த வேற்றுமையை உணராமல், அம்மையாரின் மகள் முதல் நாள் இணையத்தில் கண்ட அழகான கழுத்து வேலைப்பாடுகளை எல்லாம், நாற்பதுக்குக் குறையாமல், கேட்டலாக்கில் ஏற்றிவிட்டாள். ஐந்நூறு வரை ஏற்ற இடமுண்டு என்பதால் செயலி அதைத் தடுக்கவில்லை. விளைவு என்னவென்றால், ஒரு வாடிக்கைக்காரர் இருபது நாள் ஆரி வேலை செய்த ரவிக்கையின் படத்தைக் காட்டி, "இதே மாதிரி, இதே விலைக்கு, வெள்ளிக்கிழமைக்குள்," என்று கேட்டார். பிறருடைய வேலையை நம்முடையதென்று காட்டுவது முறையல்ல என்பது ஒருபுறமிருக்க, தன் கையால் தைக்காத ஒன்றுக்குக் கூலி சொல்வது எப்படி? நாற்பதையும் நீக்கினோம்.

பிறகு பன்னிரண்டு உருப்படிகள் மட்டும் என்று தீர்மானித்தோம். ஒவ்வொன்றும் ஓர் ஆடையல்ல, ஒரு வேலை: சாதா ரவிக்கை, லைனிங் ரவிக்கை, பிரின்சஸ் கட் ரவிக்கை, குழந்தைகளுக்குப் பட்டுப்பாவாடை, சுடிதார், புடவைக்கு ஃபால்ஸும் பீகோவும், பழைய ரவிக்கையைப் பிரித்துப் பெரிதாக்குவது என்று இப்படி. திரையில் "Business tools" என்ற இடத்தில் "Catalog" என்பதைத் தொட்டு, புதிய உருப்படியைச் சேர்க்கப் புகுந்தால், படம், பெயர், விலை, விவரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும்.

உதாரணமாக லைனிங் ரவிக்கையை எடுத்துக்கொள்வோம். அதற்குரிய கூலி 450 ரூபாய். ஆனால் லைனிங் துணியைக் கடையே வாங்கினால் 80, கழுத்துக்கும் கைக்கும் பைப்பிங் வைத்தால் 100, முதுகில் கயிறும் குஞ்சமும் தொங்கவிட்டால் 60 என்று ஏறி, கடைசியில் 690-இல் வந்து நிற்கும். விலைக்குரிய கட்டமோ ஒரே ஓர் எண்ணை மட்டும் ஏற்றுக்கொள்ளும். '450 முதல்' என்று அதில் எழுத வழியில்லை. எழுத முடியாத அந்த 'முதல்' என்ற ஒரு சொல்தான் தையற்கடை வாசலில் நடக்கும் சச்சரவுகளில் பாதிக்குக் காரணம். ஆகவே எண்ணாக 450-ஐ இட்டு, விவரத்தின் முதல் வரியிலேயே 'இது தையற்கூலி மட்டும். லைனிங் துணி, பைப்பிங், கயிறு தனி' என்று எழுதி, அவற்றின் கணக்கையும் அடுத்தடுத்த வரிகளில் வைத்தோம். முதல் வரி என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணமுண்டு: நீண்ட விவரத்தின் அடிப்பகுதியைத் திறந்து பார்க்கும் பொறுமை வாடிக்கைக்காரர்களுக்கு இருப்பதில்லை. ஆரி வேலைக்கு விலைக் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிட்டோம். விலை கட்டாயமல்ல, மாதிரியைப் பார்க்காமல் அதற்கு யாராலும் கூலி சொல்லவும் முடியாது.

பெயரின் தொடக்கத்தில் LB3 என்பதுபோல் ஒரு சிறு குறியீட்டையும் சேர்த்தோம். குறியீட்டுக்கென்று செயலியில் தனிக் கட்டம் இருக்கிறது. இருந்தாலும், வாடிக்கைக்காரர் ஓர் உருப்படியைத் தொட்டுக் கேள்வி அனுப்பும்போது அதன் பெயரும் படமும் அந்தச் செய்தியோடு ஒட்டிக்கொண்டு வருவதால், குறியீடு பெயரிலேயே இருப்பதுதான் சௌகரியம். அதே குறியீட்டை அளவு நோட்டிலும் எழுதிக்கொள்கிறார்கள்.

படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஓர் உருப்படிக்குப் பத்துப் படங்கள் வரை வைக்கலாம், நான்கு போதும். முற்பகலில் ஜன்னலோரம் பொம்மைக்கு ரவிக்கையை மாட்டி, பின்கழுத்து, முன்புறம், கை ஓரம் ஆகிய மூன்றையும் எடுத்த பிறகு, நான்காவதாக அம்மையார் ரவிக்கையை உள்வெளியாகத் திருப்பி, ஓரத்தில் அவர் விட்டிருக்கும் உள்துணியைப் படமெடுக்கச் சொன்னார். அதை நான் வீண் என்று எண்ணினேன். "சார், நாளைக்கு உடம்பு போட்டா பிரிச்சு விடறதுக்குத் துணி விட்டிருக்கேனான்னுதான் பொம்பளைங்க பாப்பாங்க," என்றார். பிற்பாடு கேள்வி வந்ததெல்லாம் அந்த நான்காவது படத்தைப் பற்றித்தான்! வாடிக்கைக்காரர் உடுத்திய நிலையில் எடுத்த படங்களை அவர்கள் சம்மதித்தாலும் வைப்பதில்லை என்று அவர் கண்டிப்பாயிருக்கிறார். இன்னொரு பிரயோஜனமும் அதிலுண்டு: ஏற்றும் படம் ஒவ்வொன்றையும் நிறுவனம் தன் விதிகளின்படி பரிசீலித்த பிறகே வெளியே காட்டும்; ஏற்காத உருப்படியின் மேல் சிவப்பு நிற ஆச்சரியக்குறி விழும். அந்தக் குறி நம் திரையில்தான் தெரியும். வாடிக்கைக்காரருக்கு அந்த உருப்படியே இல்லை. மறுபடி பரிசீலிக்கும்படி கேட்டுக்கொள்ளலாம்.

கேட்டலாக்கில் பொருள்களைப் போட்டு அனுப்புவதற்கு ஒரு கூடை உண்டு. மளிகைக் கடைக்கு அது உகந்தது. இங்கே, 'லைனிங் ரவிக்கை இரண்டு' என்று கூடை வந்து சேரும், அளவும் வராது, துணியும் வராது, அனுப்பியவரோ தாம் ஆர்டர் கொடுத்துவிட்டதாகவே நினைத்திருப்பார். கேட்டலாக்கின் அமைப்புகளில் "Add to cart" என்பதை அணைத்துவிட்டோம்.

இனித் தானாகச் செல்லும் வணக்கத்துக்கு வருவோம். "Greeting message" என்ற இடத்தில் அதை இயக்கி வைத்தால், ஒருவர் முதன்முறை எழுதும்போதும், பதினான்கு நாள் பேச்சற்றிருந்து மீண்டும் எழுதும்போதும் அது செல்லும். செயலி ஆயத்தமாகத் தரும் வாசகம், தொடர்பு கொண்டதற்கு நன்றி, எப்படி உதவலாம் என்ற பாணியில் அமைந்தது. அதைப் படித்தவர் மறுபடியும் 'ரேட் என்ன' என்றுதான் எழுதுவார். ஆகையால் கடைவாசலில் வந்து நிற்பவரிடம் அம்மையார் எதைக் கேட்பாரோ அதையே எழுதினோம். அதை வாசிக்கிறேன்: 'வணக்கம். என்ன தைக்க வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும், அளவு ரவிக்கை இருக்கிறதா, இல்லை நேரில் அளவெடுக்க வேண்டுமா என்று எழுதுங்கள். கூலி விவரம் கேட்டலாக்கில் உள்ளது. வெட்டும்போது போன் எடுக்க முடியாது. மதியம் 2 மணிக்கும் இரவு 7 மணிக்கும் பதில் எழுதுவோம். ஞாயிறு விடுமுறை.' கேள்வி கேட்டவர் எதிர்பார்ப்பது உடனடிப் பதிலைக்கூட அல்ல, எப்போது பதில் வரும் என்ற நிச்சயத்தை என்பதை அந்த இரண்டு மணிகளைக் குறித்த பிறகுதான் கண்டோம். அழைப்பு மணி பெருமளவு அடங்கிப்போயிற்று.

இதில் நேர்ந்த தவறுகளும் உண்டு. முதல் நாள் மகள் தன் கைப்பேசியிலிருந்து சோதித்துப் பார்த்து, வணக்கம் வரவில்லை, செயலி பழுது என்று முடிவுகட்டினாள். தினமும் அந்த எண்ணோடு பேசுகிறவளுக்கு அது எப்படி வரும்? பதினான்கு நாள் பேசாத, அல்லது ஒருமுறையும் பேசாத ஒருவரைக் கொண்டல்லவா சோதிக்க வேண்டும்! என் வீட்டிலிருந்து ஒரு செய்தி அனுப்பியவுடனே வணக்கம் வந்தது. இன்னொரு நாள் முழுவதும் யாருக்குமே போகவில்லை; கைப்பேசியில் அன்று இணையம் தீர்ந்திருந்தது. இந்த வணக்கம் அந்தக் கைப்பேசி இணையத்தோடு இருக்கும் வரைக்குந்தான் உயிரோடிருக்கும்.

மூன்றாவது தவறு சற்றே குடும்ப சம்பந்தமானது. ஊரிலிருக்கும் மாமியார் கடை எண்ணுக்கு நலம் விசாரித்து எழுத, என்ன தைக்க வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று அவருக்குப் பதில் போயிருக்கிறது. பெறுவோர் யார் என்று குறிக்கும் "Recipients" பகுதியில், முகவரிப் புத்தகத்தில் இல்லாதவர்களுக்கு மட்டும் என்று மகள் மாற்றப் போனாள். அப்படிச் செய்தால் பெயர் பதிந்திருக்கும் பழைய வாடிக்கைக்காரர் எவருக்கும் போகாது. ஆகவே "Everyone except..." என்பதைத் தேர்ந்து, மாமியார், நாத்தனார், நூல் கடைக்காரர், நான் என்று நால்வரையும் விலக்கி, "Save" என்பதைத் தொட்டோம்.

தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு, 'இனி ஆர்டர் எடுப்பதில்லை' என்று வணக்கத்திலேயே ஒரு வரி சேர்த்தார்கள். பண்டிகை முடிந்து கார்த்திகையும் பிறந்து, அதை எடுக்க மறந்த நிலையில், கல்யாணத்துக்கு ஒன்பது ரவிக்கை தைக்க எழுதிய ஒரு புதியவருக்கு அந்த வரி போய்ச் சேர்ந்தது. அவர் மாம்பலத்தில் வேறு கடை பார்த்துக்கொண்டார். பண்டிகை அறிவிப்புக்கு உரிய இடம் "Away message" என்பதும், அதில் "Custom schedule" வழியே தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் குறித்துவிட்டால் அது தானே நின்றுவிடும் என்பதும் அதற்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பொங்கலுக்கு அப்படித்தான் வைத்தார்கள். முடியும் நேரத்தைப் போகிக்கு முந்தின இரவா, பொங்கலன்று மாலையா என்று மகள் கேட்டபோது, அம்மையார் கத்தரியிலிருந்து கண்ணெடுக்காமல், "கனுவுக்கு அப்புறம் வைடி, ஒரு நாளாவது தூங்கறேன்," என்றார்.