நூற்றுக்குப் பதினெட்டு என்றால் எதில் பதினெட்டு?



கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து வந்திருக்கிறீர்கள். இன்று பேசப்போகும் விஷயத்துக்கு இருவருமே வேண்டும். கறி வாங்கி வருவது ஒருவர், ஆக்கிப் போடுவது இன்னொருவர்.

சில மாதங்களுக்கு முன் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகள் பிள்ளை பெற்று ஐந்து மாதம் ஆகியிருந்தது. இரத்தம் பரிசோதித்ததில் 9 கிராம்தான் இருந்தது. பால் கொடுக்கும் தாய்க்கு 12 கிராமாவது இருக்க வேண்டும். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து, "வாரம் ஒரு நாள் ஆட்டுக்கறி சாப்பிடுகிறாயாம்மா?" என்று கேட்டேன். அவள் பேசவில்லை. அவள் வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார்: "இல்லைங்க சார், நிறுத்திட்டோம். கறி தின்னா நூத்துக்குப் பதினெட்டுப் பேருக்குப் புத்துநோய் வருதாம். செல்போன்ல செய்தி வந்துச்சு. குடும்பத்துல அஞ்சு பேர் இருக்கோம், ஒருத்தருக்காவது வந்துடுமே."

அந்தத் தம்பியின் பயம் நியாயமான பயம். குடும்பத்தின் மேல் அக்கறை இல்லாதவன் பயப்பட மாட்டான். ஆனால் செய்தியை அவர் படித்த விதத்தில் ஒரு தவறு இருந்தது. படித்தவர்களும் செய்கிற தவறுதான் அது.

முதலில் செய்தி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ், பிரான்ஸ் நாட்டு லியோன் நகரில் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. 2015 அக்டோபரில் 10 நாடுகளைச் சேர்ந்த 22 விஞ்ஞானிகள் அங்கே கூடி, 800-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பார்த்து முடிவு சொன்னார்கள். பதப்படுத்திய இறைச்சி, அதாவது சாசேஜ், ஹாம், பேக்கன் போல உப்பும் மருந்தும் சேர்த்தோ புகை போட்டோ கெடாமல் வைக்கும் இறைச்சி, பெருங்குடல் புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்குப் போதிய சான்று இருக்கிறது என்றார்கள். ஆடு, மாடு, பன்றி ஆகியவற்றின் சாதாரணக் கறியை, அதாவது சிவப்பு இறைச்சியை, "அநேகமாக உண்டாக்கலாம்" என்று ஒரு படி கீழே வைத்தார்கள். கோழியும் மீனும் இந்த முடிவில் சேராது.

தினந்தோறும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது என்பதும் அந்த அறிக்கையில் இருந்தது. தம்பியின் செல்போனுக்கு வரும்போது "தினந்தோறும்" போய்விட்டது, "பதப்படுத்திய" போய்விட்டது, "கூடுகிறது" என்பதும் போய்விட்டது. வெறும் 18 மட்டும் வந்து சேர்ந்தது.

"கூடுகிறது" என்ற சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரு பொருளின் விலை 18 சதவீதம் கூடிவிட்டது என்று நான் சொன்னால் நீங்கள் முதலில் என்ன கேட்பீர்கள்? "பழைய விலை எவ்வளவு?" என்று கேட்பீர்கள். தீப்பெட்டி 2 ரூபாய் என்றால் முப்பத்தாறு காசு கூடியிருக்கிறது, யாரும் கவலைப்பட மாட்டோம். கறவை மாடு 50,000 ரூபாய் என்றால் 9,000 கூடியிருக்கிறது, வயிற்றைக் கலக்கும். சதவீதம் ஒன்றுதான், ஆனால் பழைய விலை தெரியாமல் அதற்கு அர்த்தமே இல்லை. சந்தையில் ஏமாறாத நாம், நோய் என்று வந்தால் இந்தக் கேள்வியைக் கேட்க மறந்துவிடுகிறோம்.

பிரிட்டனில் இதைக் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அங்கே பதப்படுத்திய இறைச்சியை மிகக் குறைவாகச் சாப்பிடுகிறவர்கள் 1,000 பேரை எடுத்துக்கொண்டால், வாழ்நாளில் 56 பேருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வருகிறது. இதுதான் பழைய விலை. மிக அதிகமாகச் சாப்பிடுகிற 1,000 பேரில் 66 பேருக்கு வருகிறது. 56-க்கு 18 சதவீதம் என்றால் ஏறக்குறைய பத்து. ஆக, ஆயிரம் பேர் ஆயுள் முழுவதும் நிறையச் சாப்பிட்டால் கூடுதலாகப் பத்துப் பேருக்கு நோய் வருகிறது. நூற்றுக்கு ஒருவர். தம்பி நினைத்ததுபோல நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் இல்லை.

ஒருவர்தானே என்று தள்ளிவிடவும் கூடாது. அந்த ஒருவர் ஒரு வீட்டின் தகப்பனாக இருப்பார். ஒரு நாடு முழுவதும் தினமும் சாப்பிட்டால் நூற்றுக்கு ஒருவர் என்பது பெரிய கூட்டம். அதனால்தான் அங்கே அரசாங்கம் எச்சரிக்கிறது. நம் நாட்டில் பெருங்குடல் புற்றுநோய் பிரிட்டனைவிட மிகக் குறைவு. பழைய விலை குறைவாக இருந்தால் அதன் மேல் கூடும் 18 சதவீதமும் சிறிதாகத்தானே இருக்கும்?

இன்னொரு தலைப்பும் அப்போது வந்தது: "இறைச்சியும் புகையிலையும் ஒன்றே." பதப்படுத்திய இறைச்சியைப் புகையிலை இருக்கும் அதே முதல் பட்டியலில் வைத்தது உண்மை. ஆனால் அந்தப் பட்டியல் சான்று எவ்வளவு உறுதி என்பதைக் காட்டுவது. ஆபத்து எவ்வளவு பெரிது என்பதைக் காட்டாது. பதப்படுத்திய இறைச்சி அதிகமாகச் சேர்ந்த உணவால் உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 34,000 பேர் புற்றுநோயில் இறப்பதாகவும், புகையிலையால் வரும் புற்றுநோயில் சுமார் பத்து லட்சம் பேர் இறப்பதாகவும் அந்த நிலையமே அப்போது எடுத்துச் சொன்னது. கறியை நிறுத்திவிட்டுத் திண்ணையில் பீடி பற்ற வைக்கிற அண்ணன்மார்களையும் நான் பார்த்திருக்கிறேன்!

சரி, அந்த வீட்டுக் கணக்குக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ ஆட்டுக்கறி வாங்குவார்களாம். எலும்போடு சேர்த்து ஐந்து பேருக்கு. ஆளுக்கு 100 கிராம், அதுவும் வாரத்துக்கு ஒரு முறை. ஒரு நாளைக்குப் பங்கு போட்டால் 14 கிராம் வருகிறது. சாதாரணக் கறியைப் பற்றி ஆய்வுகள் சொன்னது, தினமும் 100 கிராம் சாப்பிட்டால் 17 சதவீதம் கூடலாம் என்பது. அதிலும் உறுதி இல்லை. ஏனென்றால் அதிகம் கறி தின்கிறவர்கள் பலர் குடிக்கவும் புகைக்கவும் செய்கிறார்கள், காய்கறி குறைவாகச் சாப்பிடுகிறார்கள். எதனால் நோய் வந்தது என்று முழுவதும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. வாரத்துக்கு ஒருவர் சமைத்த சிவப்பு இறைச்சி 350 முதல் 500 கிராமுக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்று புற்றுநோய் ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். அது ஒரே ஆளுக்கான அளவு. இந்த வீட்டில் ஐந்து பேருமே அந்த அளவைத்தான் பங்கு போட்டுத் தின்றார்கள்.

அதை நிறுத்தியதால் நஷ்டம் யாருக்கு? மருமகளுக்கு. ஆட்டுக்கறியில் உள்ள இரும்புச் சத்து கீரையில் உள்ளதைவிட எளிதாக உடம்பில் சேரும். இரத்தம் 9 கிராமாக இருக்கும் பெண்ணுக்கு, வராத நோய்க்குப் பயந்து, வந்த நோயை வளர்த்துவிட்டார்கள்.

எல்லாவற்றையும் அந்தத் தம்பியிடம் திண்ணையில் கரித்துண்டால் எழுதிக் காட்டினேன். மனைவியைத் திரும்பிப் பார்த்து, "உனக்கு அப்பவே சந்தேகமா இருந்துச்சுல்ல?" என்றார். அவள், "நான் சொன்னா யாரு கேக்குறா?" என்றாள். மாமியார் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "சார், அப்ப உப்புக்கண்டம்?"

நல்ல கேள்வி அது. உப்புப் போட்டுக் காய வைப்பதால் உப்புக்கண்டமும் பதப்படுத்திய இறைச்சிதான். ஆனால் ஆய்வுகள் பெரும்பாலும் மேல்நாட்டார் தினமும் தின்னும் சாசேஜ், ஹாம் வகைகளை வைத்து நடந்தவை. அந்த 18-ஐ அப்படியே தூக்கி உப்புக்கண்டத்தின் மேல் வைக்க முடியாது. "திருவிழா முடிந்து மிஞ்சின கறியில் போட்டு, எப்போதாவது நாலு துண்டு பொரித்துக்கொள்ளுங்கள் அம்மா. தினசரிக் குழம்புக்குத் துணையாக வேண்டாம். உங்களுக்கு இரத்தக் கொதிப்பு இருப்பதால், அதில் உள்ள உப்புதான் எனக்குக் கவலை" என்றேன்.

"அப்ப எனக்கு ரெண்டு துண்டு" என்றார் அந்த அம்மாள்.