கத்துற திரைக்குப் பின்னாடி யாரு இருக்காங்க?

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம்)

நான் கொடைக்கானல்ல கம்ப்யூட்டர் சர்வீஸ் பாக்குறேன். சொந்த ஊரு மேல்மலையில பூண்டி. இன்னைக்குச் சொல்லப்போறது எங்க சித்தப்பா வீட்டுல நடந்தது. பேரு சொல்லாம சொல்லுன்னு அவரே அனுமதி கொடுத்திருக்காரு.

சித்தப்பா பூண்டு போடுறவரு. அறுவடை முடிஞ்சு, வடுகபட்டி சந்தைக்கு மூட்டை ஏத்தி வித்த பணம் பேங்க்ல இருந்தது. 1,80,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல. அடுத்த போகத்துக்கு விதைப்பூண்டு வாங்கணும், தங்கச்சிக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும். எல்லாம் அந்தப் பணம்தான்.

ஒரு நாள் சாயங்காலம், அரசு கொடுத்த பழைய லேப்டாப்புல எதையோ தேடியிருக்காரு. ஒரு லிங்க்கைத் தட்டினதும் திரை முழுக்க நீலமும் சிவப்புமா மாறிடுச்சு. பீப் பீப்னு சத்தம். ஒரு பொம்பளைக் குரல் இங்கிலீஷ்ல, "உங்க கம்ப்யூட்டர் முடக்கப்பட்டிருக்கு, அணைச்சா எல்லாம் அழிஞ்சிடும், உடனே இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க"ன்னு திரும்பத் திரும்பச் சொல்லுது. மவுஸ் அம்பையும் காணோம். மூட வழியே தெரியல. மனுசன் கூப்பிட்டுட்டாரு.

அந்தத் திரை உண்மையில என்ன?

அது வைரஸ் இல்ல. வெறும் ஒரு வெப் பக்கம். நாம ஒரு தடவை கிளிக் பண்ணினதும் பக்கத்தை முழுத்திரையா விரிக்க பிரௌசர் அனுமதிக்கும். வீடியோ பாக்குறப்போ நடக்குறது அதேதான். அதை வச்சு மேல இருக்குற முகவரிப் பட்டையை மறைச்சிடுறாங்க, மவுஸ் அம்பையும் மறைச்சிடுறாங்க, ஆடியோவை ஓட விடுறாங்க. "ஸ்கேன் நடக்குது, 12 வைரஸ் இருக்கு"ன்னு ஓடுறது வெறும் அனிமேஷன். ஒரு வெப் பக்கத்தால உங்க டிஸ்க்கைப் படிச்சு வைரஸ் தேடவே முடியாது.

அடையாளம் ஒண்ணு சொல்றேன், மறக்காதீங்க. மைக்ரோசாஃப்ட்டோட உண்மையான எச்சரிக்கை எதுலயும் போன் நம்பர் இருக்காது. திரையில நம்பர் வந்தா, அங்கேயே முடிவு பண்ணிடலாம்.

மூடுறது எப்படி? Esc கீயை ரெண்டு மூணு நொடி விடாம அமுக்குங்க, முழுத்திரை விலகும். அப்புறம் Alt+F4. அதுக்கும் மசியலேன்னா Ctrl+Shift+Esc அடிச்சு, டாஸ்க் மேனேஜர்ல பிரௌசரைத் தேர்ந்தெடுத்து End task கொடுங்க. எதுவும் ஆகலேன்னா பவர் பட்டனை அமுக்கிப் பிடிச்சு அணைச்சிடுங்க. ஒண்ணும் அழியாது. திரும்ப பிரௌசரைத் திறக்கும்போது "Restore pages" கேட்டா மட்டும் வேண்டாம்னு விடணும், இல்லேன்னா அதே பக்கம் திரும்ப வந்து உட்கார்ந்துக்கும்.

போன்ல என்ன நடந்தது?

எடுத்தவன் ரொம்ப மரியாதையா பேசியிருக்கான். இந்தி கலந்த இங்கிலீஷ். சித்தப்பாவுக்குப் பாதிதான் புரிஞ்சது. பையன் பக்கத்துல இருந்து சொல்லிச் சொல்லிச் செஞ்சிருக்கான். முதல்ல விண்டோஸ் கீயும் R கீயும் சேர்த்து அமுக்கச் சொல்லி, இதை அடிக்கச் சொன்னானாம்:

```
eventvwr
```

இது விண்டோஸோட பதிவேடு. கம்ப்யூட்டருக்குள்ள நடக்குற ஒவ்வொண்ணையும் எழுதி வைக்கும். நல்லா ஓடுற மெஷின்லயும் நூத்துக்கணக்குல சிவப்புக் குறி, மஞ்சள் குறி இருக்கும். ஒரு சர்வீஸ் சரியா ஆரம்பிக்கலேன்னாலும் குறி விழும். "பாத்தீங்களா சார், இத்தனையும் வைரஸ்"னு அவன் சொன்னதும் அப்பனும் மகனும் வெலவெலத்துப் போயிட்டாங்க. தன் கண்ணால பாத்ததை எப்படி நம்பாம இருக்குறது? அந்தப் பதிவேடு அங்க இருக்குறது பொய் இல்ல. அதுக்கு அவன் சொன்ன அர்த்தம்தான் பொய்.

அடுத்து எனிடெஸ்க் இறக்கச் சொன்னான். இது நல்ல சாஃப்ட்வேர்தான், நானே தினமும் பயன்படுத்துறேன். அதனாலதான் ஆன்ட்டிவைரஸும் தடுக்காது. திறந்ததும் ஒன்பது இல்ல பத்து இலக்க நம்பர் ஒண்ணு காட்டும். அதைச் சொல்லி, Accept அமுக்கினா, உங்க மவுஸும் கீபோர்டும் அவன் கைக்குப் போயிடும். அந்தப் பக்கத்தால செய்ய முடியாததை எல்லாம் இப்போ அவனால செய்ய முடியும். வாசக்கதவு இந்த நம்பர்தான்.

"சர்வீஸ் சார்ஜ் 10 ரூபாய் மட்டும்"னு சொல்லி நெட்பேங்கிங்கைத் திறக்க வச்சான். பாஸ்வேர்டு அடிக்கிறது அவனுக்குத் தெரியுது. போன்ல வந்த ஓடிபியையும் "வெரிஃபிகேஷன் நம்பர்"னு கேட்டு வாங்கினான். நடுவுல திரை கருப்பாச்சு. "ஸ்கேன் ஓடுது, தொடாதீங்க"ன்னான். அந்தக் கருப்புத் திரை எனிடெஸ்க்ல இருக்குற ஒரு வசதி, அதைப் போட்டா எதிர்ப்பக்கம் நடக்குறது நமக்குத் தெரியாது. அந்த நேரத்துல 49,000 ரூபாய் போயிடுச்சு.

மீதி தப்பினது ஒரு தற்செயல்தான். நெட் வந்தது பையன் போனோட ஹாட்ஸ்பாட்ல. எனக்குக் கூப்பிடலாம்னு அவன் போனை எடுத்துக்கிட்டு வெளிய சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஓடியிருக்கான். ஹாட்ஸ்பாட் எல்லை தாண்டினதும் லேப்டாப்புல நெட் அறுந்தது. அவன் பிடியும் அறுந்தது.

மாட்டிக்கிட்டா என்ன செய்யணும்?

முதல் வேலை நெட்டை அறுக்குறதுதான். அவன்கிட்ட வாதாட வேண்டாம், எனிடெஸ்க்கைத் தேடி மூட வேண்டாம். ஹாட்ஸ்பாட்டை அணைங்க, கேபிளைப் புடுங்குங்க.

அடுத்து, வேற போன்ல இருந்து பேங்குக்குச் சொல்லி நெட்பேங்கிங்கை முடக்குங்க. உடனே 1930-க்குக் கூப்பிடுங்க. தொகை, நேரம், பணம் போன பரிவர்த்தனை எண் மூணையும் கேப்பாங்க, எஸ்.எம்.எஸ்-ஐ அழிச்சிடாதீங்க. பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறி வெளிய எடுக்கப்படுறதுக்குள்ள நிறுத்தணும். சித்தப்பாவுக்குக் கொஞ்சம் பணத்தை நிறுத்த முடிஞ்சது, மீதி போனது போனதுதான்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை சுற்றறிக்கையில சொன்னது இதுல முக்கியம். பாஸ்வேர்டை நாமளே கொடுத்துட்டா, பேங்குக்குச் சொல்றவரைக்கும் ஆன நட்டம் நம்மளது. சொன்னதுக்கு அப்புறம் போற பணம் பேங்கோட பொறுப்பு. அதனால வெக்கப்பட்டுக்கிட்டு விடியட்டும்னு காத்திருக்காதீங்க.

அப்புறம்தான் லேப்டாப். எனிடெஸ்க்ல ஒரு பாஸ்வேர்டு போட்டு வச்சிட்டா, நீங்க Accept அமுக்காமலே அவன் திரும்ப உள்ள வரலாம். அதை அன்இன்ஸ்டால் பண்றது மட்டும் போதாது, வேற என்ன வச்சிட்டுப் போனான்னு தெரியாதே. நான் ஃபோட்டோவை எல்லாம் எடுத்து வச்சிட்டு விண்டோஸையே புதுசா போட்டுக் கொடுத்தேன். பாஸ்வேர்டுகளை வேற போன்ல இருந்து மாத்தினோம்.

யாரு இவங்க?

இந்த வலை பெரும்பாலும் வெளிநாட்டு வயசானவங்களுக்காக விரிச்சது. 2023 அக்டோபர்ல மைக்ரோசாஃப்ட், அமேசான் புகார்களையும் சேர்த்து, 'ஆபரேஷன் சக்ரா-2'ன்னு சி.பி.ஐ. நாட்டுல 76 இடத்துல சோதனை போட்டது. தமிழ்நாடும் அதுல உண்டு. அந்த கால் சென்டர்கள் செஞ்சதாச் சொல்லப்பட்டதும் இதேதான்: பாப்-அப், இலவச நம்பர், ரிமோட், இல்லாத கோளாறுக்குக் காசு. அமெரிக்கப் பாட்டிக்குப் போட்ட தூண்டில்ல பூண்டிக்காரரும் மாட்டுறாரு, அவ்வளவுதான்.

சித்தப்பா இந்தத் தடவை விதைப்பூண்டைக் கடனுக்குத்தான் வாங்கினாரு. லேப்டாப் மூடி மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்காரு, அவரே எழுதினது: "நம்பர் வந்தா நெட்டை அணை."