ஆசிரியருக்கு ஒரு கடிதம்

சாலை உடைந்து கிடக்கிறது. பத்திரிகைக்கு எழுத வேண்டும். பலர் இப்படித்தான் எழுதுகிறார்கள்: "எங்கள் சாலை படுமோசம். ஏழைகளைக் கேட்க நாதியில்லையா? அதிகாரிகள் தூங்குகிறார்களா?"

கோபம் நியாயமானதே. ஆனால், இதை எந்த ஊர்க்காரரும் எழுதியிருக்கலாம். அது எந்தச் சாலை? தோட்டத்துக்குள் இருப்பது பொதுவாக நிர்வாகத்தின் பொறுப்பு. வெளிச்சாலை பொதுப்பணி இலாகாவையோ மாவட்ட மன்றத்தையோ சேரும். இடத்தைச் சொல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டிவிடுவார்.

அதே கடிதத்தை ஒரு தாய் இப்படி எழுதட்டும்:

"நான் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். எங்கள் தோட்ட வாசலுக்கு வெளியே, கோயிலைத் தாண்டியதும், சிறு பாலத்தருகே முழங்கால் ஆழத்தில் ஒரு குழி இருக்கிறது. மழை பெய்தால் பள்ளி பஸ் அதைத் தாண்டி வருவதில்லை. சென்ற வாரம் இரண்டு நாள் என் மகள் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு பெரிய சாலைவரை நடந்தாள். அடுத்த மழைக்காலத்துக்கு முன் இந்தக் குழியையாவது மூடித் தாருங்கள்."

இதில் வசைச்சொல் ஒன்றும் இல்லை. அவர் கண்ணால் கண்டதை மட்டுமே எழுதியிருக்கிறார். 'எத்தனையோ பேர் விழுந்தார்கள்' என்று சேர்த்திருந்தால், "யார், எப்போது?" என்ற கேள்வி வரும், பதில் இல்லையென்றால் உண்மையான குழியையும் நம்பமாட்டார்கள். கேட்பதும் ஒன்றே, செய்தார்களா இல்லையா என்பதை எவரும் போய்ப் பார்க்கலாம்.

கடிதத்தின் கீழே உண்மைப் பெயரும் முகவரியும் எழுதுங்கள். பெயரை வெளியிட வேண்டாமென்றால் அதையும் குறிப்பிடுங்கள்.