அத்தையின் குரலும் ஐந்து வரியும்

புயல் காலத்தில் வானொலிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் மீனவரைப் பார்த்திருக்கிறீர்களா? காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்று அறிவிப்பாளர் சொல்லிக்கொண்டே போவார். அவரோ வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டு பாதிக் காதோடு இருப்பார். 'மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்ற வரி வந்ததும் கை நிற்கும். அவர் காத்திருந்தது அந்த ஒரு வரிக்குத்தான்.

என் அத்தையின் வாய்ஸ் மெசேஜும் அப்படித்தான். அத்தை இருப்பது பழவேற்காட்டில், பாலம் தாண்டி லைட்ஹவுஸ் குப்பத்தில். கிழக்கே கடல், மேற்கே ஏரி, நடுவில் மணல் திட்டில் வீடு. எழுதுவது அத்தைக்குச் சிரமம், பேசுவது இல்லை. எங்கள் குடும்பக் குழுவில் முப்பத்திரண்டு பேர் இருக்கிறோம். சிலர் வேலையிடத்தில் காதில் வைத்துக் கேட்க முடியாதவர்கள். அதனால் அத்தை பேசியதை எழுத்தாக்கிச் சுருக்கிப் போடும் வேலை என் தலையில் விழுந்தது. ஐந்தாறு வருடமாகச் செய்கிறேன். அதில் ஒரே ஒரு மெசேஜை மட்டும் இன்று பிரித்துக் காட்டுகிறேன்.

வியாழக்கிழமை இரவு பதினொன்று நாற்பதுக்கு வந்தது. மூன்று நிமிடம் நாற்பத்திரண்டு விநாடி. ஒரு போனில் அதை ஓடவிட்டு, பக்கத்தில் இன்னொரு போனில் தமிழ்க் குரல் தட்டச்சைத் திறந்து வைத்தேன். அத்தை மூச்சு வாங்கும் இடத்தில் அது நின்றுவிடும், மறுபடி அழுத்த வேண்டும். முற்றுப்புள்ளியே இல்லாமல் நானூறு சொல் போலத் தேறியது. நடுவிலிருந்து ஒரு துண்டு இது:

'ஒரே காத்து நேத்து ராத்திரி கரண்ட் வேற இல்ல மோட்டார் ரிப்பேர் அண்ணன் ரெண்டு நாளா கடலுக்குப் போகல ரெண்டு விலை இறங்கிப்போச்சு அது கிடக்கட்டும் அவங்க போன் பண்ணாங்க மாப்பிள்ளையோட அப்பாவுக்கு லீவு இல்லையாம் ஞாயித்துக்கிழமை யாரும் வர வேணும் புதன்கிழமை ராக்கெட் விடுறாங்களாம் ஆம்பிளைங்க எல்லாம் வீட்ல தான் இருப்பாங்க மாமா வண்டி எடுத்துட்டு வரட்டும் நாளைக்குள்ள எத்தனை பேருன்னு சொல்லிடுங்க'

இதை வைத்து உடனே சுருக்க உட்கார்ந்தால் போச்சு. முதலில் குரலை இன்னொரு தடவை கேட்க வேண்டும். 'ரெண்டு விலை' என்று எழுத்தில் இருப்பது அத்தை வாயில் 'நண்டு விலை'. அது பரவாயில்லை, சிரித்துவிட்டுப் போகலாம். 'யாரும் வர வேணும்' என்று இருக்கிறதே, அது அத்தை சொன்ன 'வர வேணாம்'. ஓர் எழுத்தில் அர்த்தம் தலைகீழாகிவிட்டது. நமக்கு நல்லவேளையாக, 'யாரும்' என்ற சொல் பெரும்பாலும் எதிர்மறையோடுதான் வரும். 'யாரும் வர வேணும்' என்று எந்த அத்தையும் சொல்லமாட்டாள். காதுக்கு உறுத்தும் இப்படிப்பட்ட வரிதான் அடையாளம். அங்கே குரலுக்குத் திரும்பிப் போக வேண்டும். வேணும் வேணாம், தேதி, மணி, பணம் இவற்றை மட்டும் எழுத்தை நம்பி எடுப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். மற்றதெல்லாம் தப்பாக வந்தாலும் குடும்பம் பிழைத்துக்கொள்ளும்.

அடுத்து, எது செய்தி? அத்தை அதிக நேரம் பேசியது படகு மோட்டாரைப் பற்றி. ஒரு நிமிடத்துக்கு மேல். பேசிய நேரத்தை வைத்து அளந்தால் மோட்டார்தான் தலைப்பு. ஆனால் முப்பத்திரண்டு பேரில் யாராவது எழுந்து ஏதாவது செய்ய வேண்டியது எதனால்? நிச்சயதார்த்தத் தேதி மாறியதால். அதை அத்தை சொன்னது பத்து விநாடிதான், 'அது கிடக்கட்டும்' என்பதற்குப் பிறகு. பேச்சில் இந்த மாதிரி ஒரு திருப்பம் வந்தால் நான் நிமிர்ந்து உட்காருவேன். 'அது கிடக்கட்டும்', 'சொல்ல மறந்துட்டேன்', 'அப்புறம் ஒரு விஷயம்' இவற்றுக்குப் பின்னால்தான் எங்கள் வீட்டுச் செய்திகள் ஒளிந்திருக்கும்.

செய்தி கிடைத்தவுடன் என் பழைய புத்தி இப்படி எழுதச் சொல்லும்: 'நிச்சயதார்த்தம் புதன்கிழமை. மாமா வண்டி எடுத்துட்டு வரணும். நாளைக்குள்ள எண்ணிக்கை சொல்லவும்.' எவ்வளவு சின்னது பாருங்கள்! எவ்வளவு ஆபத்தானது என்றும் பாருங்கள்.

எல்லோர் மனத்திலும் ஏற்கெனவே ஞாயிறு உட்கார்ந்திருக்கிறது. அதை எழுப்பி வெளியே அனுப்பாமல் புதனை உள்ளே விட்டால், ஒருவர் புதனன்று வேறு ஏதோ சடங்கு என்று நினைத்துக்கொள்வார். மாறிய செய்தியில் பழைய தேதிதான் முதலில் வர வேண்டும். 'ஞாயிறு 11 இல்லை' என்று. 'நாளைக்குள்ள' என்பதும் அப்படியே. அத்தை சொன்னது வியாழன் இரவு. நான் போடுவது வெள்ளி காலை. துபாயில் இருப்பவர் பார்ப்பது வெள்ளி இரவு. அத்தையின் நாளை வெள்ளி, பார்க்கிறவர்களின் நாளை சனி. அதனால் கிழமையும் தேதியும் போட்டே ஆக வேண்டும், இரண்டு சொல் கூடினாலும்.

பிறகு 'மாமா'. இது தமிழ்க் குடும்பத்துக்கே உரிய சிக்கல். அத்தைக்கு மாமா ஒருவர், எனக்கு மாமா வேறொருவர், என் சித்தப்பா மகளுக்கு மாமா நாலு பேர். நேரில் பேசும்போது யாரைப் பார்த்துப் பேசுகிறோமோ அவரை வைத்து உறவு அமைந்துவிடும். குழுவில் எல்லோரும் ஒரே வரியைப் பார்க்கிறார்கள், ஆளாளுக்கு அவரவர் மாமா தெரிவார். பெயரைப் போடலாமே என்றால், பெரியவர் பெயரை மொட்டையாக எழுத எனக்குக் கை வராது. இதற்கு நம் பாட்டிகள் எப்போதோ வழி கண்டுபிடித்துவிட்டார்கள். ஊரைச் சேர்த்துச் சொல்வது. 'திருவொற்றியூர் மாமா' என்றால் முப்பத்திரண்டு பேருக்கும் அவர் ஒருவரே.

இப்போது 'ஆம்'. 'விடுறாங்களாம்' என்கிறாள் அத்தை. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போக வேண்டாம் என்று பழவேற்காட்டுக் குப்பங்களுக்குச் சொல்லிவிடுவார்கள். ஏவுகிற தேதி சில சமயம் தள்ளியும் போகும், அது குப்பத்துக்குப் பழகிய விஷயம். ஆகவே அந்த 'ஆம்' வெறும் வால் இல்லை. 'நான் பொறுப்பில்லை, கேள்விப்பட்டது' என்பதை ஓர் அசையில் சொல்லிவிடுகிறது. சுருக்குகிறவன் கை முதலில் போவது அந்த வாலுக்குத்தான். நானும் வெட்டியவன்தான். ஒரு தடவை, சிங்கப்பூரிலிருந்து பெரியப்பா மகன் 'வர்றானாம்' என்று அத்தை சொன்னதை 'வர்றான்' என்று போட்டேன். குப்பத்தில் ஒரு வீட்டில் அன்று மடவை மீன் வாங்கிக் குழம்பு வைத்துக் காத்திருந்தார்கள். அவன் வரவில்லை. யார் சொன்னது என்று விசாரித்தபோது எல்லோரும் என் மெசேஜைக் காட்டினார்கள்.

இந்தத் தடவை அதற்காகவே அத்தையைக் கூப்பிட்டுக் கேட்டேன். ராக்கெட் தள்ளிப்போனால் நிச்சயதார்த்தமும் தள்ளிப்போகுமா? 'போகாது, மண்டபத்துக்குப் பணம் கட்டியாச்சு' என்றாள். மூன்று நிமிடப் பேச்சில் இல்லாத வரி அது. சுருக்கும்போது சில இடத்தில் சேர்க்கவும் வேண்டியிருக்கிறது.

ஒன்றை முழுசாகவே நீக்கிவிட்டேன். மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி அத்தை இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தாள், லீவு கேட்டிருக்கலாமே என்று. குரலில் கேட்டால் அது அலுப்பு, செல்லக் கோபம். எழுத்தில் வைத்தால் குற்றச்சாட்டு. குழுவில் அந்தப் பக்கத்துக்கு உறவானவர்களும் இரண்டு பேர் உண்டு. காரணத்தைக்கூட 'லீவு இல்லை' என்று எழுதாமல் விட்டேன். கேட்கிறவர்கள் அத்தையிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

கடைசியில் குழுவில் போனது இது:

'அத்தை சொல்லச் சொன்னது.
நிச்சயதார்த்தம் ஞாயிறு 11 இல்லை, புதன் 14க்கு மாறியிருக்கு. அதே பொன்னேரி மண்டபம், காலை 10 மணி.
அன்னிக்கு ராக்கெட் விடுறாங்களாம், குப்பத்து ஆம்பிளைங்க எல்லாரும் இருப்பாங்க. ராக்கெட் தள்ளிப்போனாலும் தேதி மாறாது.
திருவொற்றியூர் மாமா, உங்க வண்டியை எடுத்துட்டு வர முடியுமா?
எத்தனை பேர் வர்றீங்கன்னு வெள்ளி 9 ராத்திரிக்குள்ள அத்தைக்குச் சொல்லிடுங்க.'

நானூறு சொல் சுமார் நாற்பது சொல்லில் வந்து நிற்கிறது. இன்னும் குறைக்கலாம். 'வரவும்', 'தெரிவிக்கவும்' என்று எழுதினால் ஐந்தாறு சொல் மிச்சமாகும். ஆனால் ரேஷன் கடை நோட்டீஸ் மாதிரி ஆகிவிடும், அத்தை அப்படிப் பேசுகிறவள் இல்லை. வண்டி விஷயத்தில் அத்தை சொன்னது 'வரட்டும்'. குரலில் அது உரிமை. எழுத்தில் மாமாவுக்கு உத்தரவாகத் தெரியும் என்று கேள்வியாக மாற்றினேன். முதல் வரியில் அத்தையைச் சொன்னதும் வேண்டுமென்றுதான். இல்லாவிட்டால் தேதியை மாற்றியது நான் என்று ஆகிவிடும்.

தந்தி இருந்த காலத்தில் சொல்லுக்கு இவ்வளவு என்று காசு. நம் நாட்டில் 2013 ஜூலையோடு அந்தச் சேவை நின்றுபோனது. காசுக்குப் பயந்து சொல்லைக் குறைத்தவர்கள், விவரம் கடிதத்தில் என்று ஒரு வரி சேர்த்து அனுப்புவதும் உண்டு. நானும் அதைத்தான் செய்கிறேன். அத்தையின் வாய்ஸ் மெசேஜை விரலால் இழுத்து, அதற்கான பதிலாகத்தான் என் ஐந்து வரியைப் போடுவேன். மேலே ஒட்டியிருப்பதைத் தொட்டால் அந்தக் குரலுக்கே போய்விடலாம். நேரம் இருப்பவர்கள் மோட்டார் கதையைக் கேட்டுக்கொள்ளலாம். துபாயில் இருக்கும் தம்பி அதை மட்டும்தான் கேட்பான். பின்னால் அலைச் சத்தமும் வருமாம்.

வெள்ளி மதியத்துக்குள் இருபத்தொரு பேர் வருவதாகக் கணக்கு வந்துவிட்டது. மாமா வண்டிக்குக் கட்டைவிரல் காட்டினார். சாயங்காலம் அத்தையிடமிருந்து இன்னொரு வாய்ஸ், ஒரு நிமிடம் ஐம்பது விநாடி. பயந்துகொண்டே திறந்தேன். நன்றாகப் போட்டிருக்கிறாய் என்று ஆரம்பித்து, கோழி, பேரன் காய்ச்சல் எல்லாம் சுற்றிவிட்டு, 'அது கிடக்கட்டும்' என்றாள். செவ்வாய்க்கிழமையே வந்து தங்குகிறவர்களுக்கு ராத்திரி நண்டுக் குழம்பு வைப்பதாகச் சொல்லியிருந்தாளாம், நான் விலையைப் பற்றியது என்று நினைத்து நண்டையே விட்டுவிட்டேனாம்.

குரலைத் திரும்பக் கேட்டேன். மூன்றாவது நிமிடத்தில், இருமலுக்கு நடுவில், இருந்தது. குழுவில் ஆறாவது வரியைச் சேர்த்தேன்: 'செவ்வாய் 13 ராத்திரி குப்பத்துல நண்டுக் குழம்பு.' இதில் 'ஆம்' போடவில்லை.