பெற முடியாத மதிப்பெண்



2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் 4ஆம் தேதி, மருத்துவக் கல்லூரிகளில் சேர்வதற்கான நீட் தேர்வின் முடிவுகள் வெளியாயின. அம்முடிவுகளில் சிலருக்கு 719 என்றும், சிலருக்கு 718 என்றும் மதிப்பெண்கள் காணப்பட்டன. மொத்தம் 720. அதில் 719 பெற்றவரைக் கண்டால், மயிரிழையில் முதலிடத்தைத் தவறவிட்டவர் என்றுதானே சாதாரணமாக நாம் இரக்கப்படுவோம்? ஆனால் அத்தேர்வுக்குப் படித்த பிள்ளைகள் இரக்கப்படவில்லை, திடுக்கிட்டார்கள். தாளும் பென்சிலும் எடுத்துக் கூட்டிக் கழித்துப் பார்த்து, “இந்த மதிப்பெண்ணை எவரும் பெறவே முடியாதே!” என்றார்கள். அவர்கள் கூறியது சரிதானா என்பதை இன்று நாமும் கணக்கிட்டுப் பார்ப்போம். எட்டாம் வகுப்புக் கணக்கறிவு இதற்குப் போதும்.

அத்தேர்வின் விதி எளியது. விடை அளிக்க வேண்டிய வினாக்கள் 180. ஒவ்வொரு வினாவுக்கும் நான்கு விடைகள் கொடுக்கப்பட்டிருக்கும். அவற்றுள் ஒன்றே சரியானது. சரியான விடைக்கு 4 மதிப்பெண் கூட்டப்படும். தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிக்கப்படும். விடை அளிக்காமல் விட்ட வினாவுக்குக் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. சரியான விடைகளின் எண்ணிக்கையை நான்கால் பெருக்கி, அதிலிருந்து தவறான விடைகளின் எண்ணிக்கையைக் கழித்தால் வருவதே நிகர மதிப்பெண்.

இப்பொழுது உச்சியிலிருந்து இறங்கி வருவோம். எல்லாம் சரியென்றால் 720. ஒரே ஒரு வினா கைநழுவியது என்று கொள்ளுங்கள். அதை வெறுமனே விட்டிருந்தால் 4 குறைந்து 716. தவறாக எழுதியிருந்தால், வரவேண்டிய 4 போனதோடு கையிலிருந்த 1 மதிப்பெண்ணும் போய், 715. ஆகவே 720க்கு அடுத்த படி 716தான். 719, 718, 717 ஆகிய மூன்று எண்களிலும் கால் வைக்க இடமே இல்லை.

இரண்டு வினாக்கள் நழுவினால்? இரண்டையும் விட்டிருந்தால் 712. ஒன்றை விட்டு ஒன்றைத் தவறாக எழுதியிருந்தால் 711. இரண்டும் தவறென்றால் 710. எனவே 714, 713 என்ற எண்களும் இல்லை. மூன்று நழுவினால் 708 முதல் 705 வரை நான்கு எண்கள் கிடைக்கும். 709 விடுபட்டுவிட்டது. நான்கு நழுவினால் 704 முதல் 700 வரை. ஐந்து நழுவினால் 700 முதல் 695 வரை. இங்கே ஒரு வரிசையின் கடைசியும் அடுத்த வரிசையின் முதலும் ஒட்டிக்கொண்டுவிட்டன. அதன்பின் இடைவெளி ஏற்படுவதே இல்லை. எல்லாம் தவறாக எழுதியவருக்குரிய கழித்தல் 180 வரைக்கும் எந்த எண்ணும் வரக்கூடியதே. ஆகவே இத்தேர்வில் பெற முடியாத மதிப்பெண்கள் ஆறே ஆறு: 719, 718, 717, 714, 713, 709.

அப்படியானால் 718உம் 719உம் எவ்வாறு வந்தன? சில தேர்வு மையங்களில் மாணவர்கள் தேர்வு நேரத்தை இழந்துவிட்டார்கள் என்றும், அதற்கு ஈடாகக் கருணை மதிப்பெண் வழங்கப்பட்டது என்றும் தேர்வை நடத்திய தேசியத் தேர்வு முகமை விளக்கம் கூறிற்று. அவ்வாறு பெற்றவர்கள் 1,563 பேர். விடைத்தாளில் இல்லாத ஒரு தொகை வெளியிலிருந்து வந்து சேர்ந்ததனாலேயே, விடைத்தாளால் எட்ட முடியாத எண் தோன்றியது. இச்செய்தி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஜூன் 13ஆம் நாள், அந்தக் கருணை மதிப்பெண்கள் நீக்கப்படும் என்றும், அவர்கள் விரும்பினால் ஜூன் 23ஆம் நாள் மறுதேர்வு எழுதலாம், இல்லையேல் கருணை மதிப்பெண் இல்லாத பழைய மதிப்பெண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்றும் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. அத்தேர்வைப் பற்றி எழுந்த வழக்குகள் வேறு பலவும் உண்டு. அவை நம் கணக்கிற்கு அப்பாற்பட்டவை.

700 என்ற எண்ணைச் சற்று நின்று பாருங்கள். அதற்கு இரண்டு வழிகள் உண்டு என்றோம். 175 சரி, 5 விடுபட்டவை என்றாலும் 700. 176 சரி, 4 தவறு என்றாலும் 704இல் 4 போக 700. ஒருவர் தெரியாததைத் தொடாமல் விட்டவர். மற்றவர் எல்லாவற்றையும் தொட்டு ஒரு விடை கூடுதலாகப் பெற்றவர். நிகர மதிப்பெண் இவ்விருவரையும் வேறுபடுத்துவதில்லை. இப்படிச் சமன் நேரும்போது முந்துபவரை முடிவு செய்யப் பார்க்கும் விதிகளுள் ஒன்று, சரியான விடைகளோடு ஒப்பிடத் தவறான விடைகள் எந்த விகிதத்தில் உள்ளன என்பதாகும். அந்த விதி ஒன்றை மட்டும் பார்த்தால் முதலாமவரே முந்துவார்.

இனி, வீட்டில் உட்கார்ந்து விடைக்குறிப்பை வைத்துத் தாமே மதிப்பெண் போட்டுப் பார்க்கும் மாணவர்கள் எங்கே வழுக்குகிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். என் அண்டை வீட்டுப் பிள்ளை ஒருவன் ஒரு மாதிரித் தேர்வை எழுதிவிட்டு, “மாமா, எனக்கு 475தான் வருகிறது” என்று வாடிய முகத்தோடு வந்தான். எப்படிக் கணக்கிட்டாய் என்றேன். சரியானவை 131, ஆகவே 524. மீதி 49, அதைக் கழித்தால் 475 என்றான். “மீதி நாற்பத்தொன்பதும் தவறா?” என்று கேட்டேன். விழித்தான். திரும்ப எண்ணியபோது, தவறானவை 37, விட்டவை 12 என்று தெரிந்தது. 524இல் 37 போக 487. விட்ட வினாவைத் தவறென்று எண்ணியதால் பன்னிரண்டு மதிப்பெண்ணைத் தானே தனக்குக் கழித்துக்கொண்டிருக்கிறான்!

இதனாலேயே, பெருக்கலைத் தொடங்குமுன் சரி, தவறு, விட்டவை ஆகிய மூன்றையும் தனித்தனியே எண்ணிக் கூட்டி, 180 வருகிறதா என்று பார்க்க வேண்டும். 131, 37, 12 சேர்ந்தால் 180. வராவிட்டால் எங்கோ ஒரு வட்டத்தை எண்ணத் தவறியிருக்கிறோம். அதன்பின் விடையைச் சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு. எல்லா வினாவும் தவறு என்று வைத்துக் கழித்தல் 180இலிருந்து தொடங்குங்கள். தவறாக இருந்த ஒன்று சரியாக மாறினால் ஐந்து படி ஏறுகிறோம். விட்டதாக மாறினால் ஒரு படி ஏறுகிறோம். 131ஐ ஐந்தால் பெருக்கினால் 655. அதோடு 12 சேர்த்தால் 667. 180ஐக் கழித்தால் 487. இரண்டு வழியிலும் ஒரே எண் வந்தால் கணக்கு சரி. “தவறுக்கு ஒன்றுதானே போகிறது” என்று சொல்வது வழக்கம். விட்டதோடு ஒப்பிட்டால் அது உண்மை. சரியான விடையோடு ஒப்பிட்டால் போவது ஐந்து.

அடுத்து, எல்லா மாணவரும் கேட்கும் கேள்வி: தெரியாத வினாவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு விடையைக் குறிக்கலாமா? நான்கில் ஒன்று சரி. அப்படி நான்கு வினாக்களுக்குக் குறித்தால், சராசரியாக ஒன்று சரியாகி 4 வரும். மூன்று தவறாகி 3 போகும். மிஞ்சுவது 1. அதாவது வினாவுக்குக் கால் மதிப்பெண் ஆதாயம். ஆனால் சராசரி என்பது ஒருவர் கைக்கு அப்படியே வந்து சேர்வதில்லை. நான்கு வினாக்களுக்கு இவ்வாறு குறித்தவர்கள் 256 பேர் என்று கொண்டால், கணக்குப்படி 81 பேருக்கு நான்கும் தவறாகி 4 மதிப்பெண் போகும். 108 பேருக்கு ஒன்று சரியாகி 1 மிஞ்சும். 54 பேருக்கு இரண்டு சரியாகி 6 சேரும். 12 பேருக்கு 11. ஒரே ஒருவருக்கு 16. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் மிஞ்சுவது 256, ஆளுக்கு ஒன்று. ஆயினும் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நட்டத்தோடு வெளியே வருகிறார் என்பதையும் காண்கிறோம்.

நான்கில் ஒன்று நிச்சயமாகத் தவறு என்று தள்ள முடிந்தால் நிலை மாறுகிறது. மூன்றில் ஒன்று சரியாகும். மூன்று வினாவுக்கு 4 வந்து 2 போய், 2 மிஞ்சும். இரண்டைத் தள்ள முடிந்தாலோ, இரண்டு வினாவுக்கு 4 வந்து 1 போய், 3 மிஞ்சும். ஆனால் இதில் ஒரு கண்ணி உண்டு. இக்கணக்கெல்லாம் மீதமுள்ள விடைகள் ஒன்றுக்கொன்று சமமாக நமக்குத் தெரிகின்றன என்று கொண்டு போட்டது. வினாத்தாள் தயாரிப்பவர் அப்படி விடமாட்டார். அரைகுறையாகப் படித்தவன் செய்யக்கூடிய பிழை எதுவோ, அதன் விடையை ஒரு விருப்பமாக வைத்திருப்பார். அலகை மாற்ற மறந்தால் வரும் எண்ணும், குறியை மாற்றிப் போட்டால் வரும் எண்ணும் அங்கே காத்திருக்கும். அதைக் கண்டதும் “இதுதான்” என்று மனம் தாவும். அந்நிலையில் நம் வாய்ப்பு நான்கில் ஒன்றிலும் குறைந்துவிடுகிறது. உங்களுக்கு இது நேர்கிறதா என்று அறிய, மாதிரித் தேர்வில் ஐயத்தோடு குறித்த வினாக்களுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் புள்ளியிட்டவற்றை மட்டும் தனியே எண்ணுங்கள். ஐந்தில் ஒன்றுகூடச் சரியாகவில்லையென்றால் உங்கள் ஊகம் நட்டம். ஐந்தில் ஒன்று சரியென்றால் 4 வந்து 4 போய், ஒன்றும் மிஞ்சாது. அதற்கு மேலென்றால் ஆதாயம். ஓரிரண்டு தேர்வுகளில் கிடைக்கும் பத்துப் பன்னிரண்டு புள்ளிகளைக் கொண்டு முடிவு கட்டிவிடாதீர்கள். அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் தற்செயலே மேலோங்கி நிற்கும்.

கழிக்கும் அளவு தேர்வுக்குத் தேர்வு வேறுபடும். மத்தியத் தேர்வாணையம் நடத்தும் குடிமைப் பணி முதனிலைத் தேர்வின் பொது அறிவுத் தாளில் 100 வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண். தவறுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு கழியும். 60 சரி, 30 தவறு, 10 விட்டவை என்றால், 120இல் 20 போக 100. அங்கே மூன்று தவறுகள் ஒரு சரியான விடையை முழுவதும் விழுங்கிவிடுகின்றன. நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக் குறிப்பவருக்குச் சராசரியாக ஆதாயமும் இல்லை, நட்டமும் இல்லை. ஊகத்தின் பயனைச் சுழியாக்கும் அளவு அதுவே. அமெரிக்காவின் சாட் தேர்வில் ஐந்து விருப்பங்களும் தவறுக்குக் கால் பங்குக் கழிவும் இருந்தன. அங்கும் கணக்கு சுழியாகவே முடிந்தது. 2016ஆம் ஆண்டில் அத்தேர்வைத் திருத்தியபோது கழிவை எடுத்தேவிட்டார்கள். நீட் தேர்விலோ விருப்பங்கள் நான்கு, கழிவு கால் பங்கு. ஐந்து விருப்பங்களுக்குப் பொருந்தும் கழிவை நான்கு விருப்பங்களுக்கு வைத்திருப்பதால்தான், நாம் முன்பு கண்ட கால் மதிப்பெண் அங்கே மிஞ்சுகிறது.