நாற்பது வீடுகள், மூன்று பெட்டிகள்

1985-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இந்தியன் லைன் என்ற சிறு பண்ணையில் ஒரு சோதனை நடந்தது. பண்ணையின் உரிமையாளர் ராபின் வான் என் என்பவரும் அவருடைய நண்பர்களும் ஒரு சிறு ஆப்பிள் தோட்டத்தின் விளைச்சலை 30 பங்குகளாகப் பிரித்து, அக்கம்பக்கத்து வீடுகளுக்கு விற்றார்கள். பங்கு வாங்கியவர்களுக்குப் பழமும் பழச்சாறும் வந்தன. அடுத்த ஆண்டு அதே முறை காய்கறிக்குப் போனது. இன்று உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான பண்ணைகள் வாரப் பெட்டி அனுப்புகின்றன என்றால், அதற்கு ஒரு தொடக்கம் அந்த 30 பங்குகள்.

முன்பணம் கட்டிவிட்டு மாதம் முழுக்கப் பொருள் வாங்குவது நம் ஊருக்குப் புதிதல்ல. ஆவின் பால் அட்டைக்கு மாதத் தொடக்கத்திலேயே பணம் கட்டுகிறோம்; அதற்காகவே விலையில் கொஞ்சம் குறைத்துத் தருகிறார்கள். பால் அட்டை ஏன் இத்தனை ஆண்டுகளாக நிற்கிறது? பால் தினமும் தீர்ந்துபோகிறது, அவ்வளவுதான். மாதப் பெட்டி தொடங்க நினைக்கும் சிறு வியாபாரி, பெட்டிக்குள் என்ன வைக்கலாம் என்று யோசிப்பதற்கு முன்பே, வாடிக்கையாளர் வீட்டில் அது எத்தனை நாளில் தீரும் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான பெட்டிகள் ருசி குறைந்தோ தரம் குறைந்தோ நிற்பதில்லை. போன மாதத்துப் பொட்டலம் இன்னும் அலமாரியில் இருக்கிறதே என்ற எண்ணம்தான் அவற்றை நிறுத்துகிறது.

பெட்டிகளில் பல ரகம் உண்டு. மாதாமாதம் புதிதாக ஏதோ ஒன்றைக் காட்டும் பெட்டி ஒரு ரகம். 2010-ல் அமெரிக்காவில் தொடங்கிய பர்ச்பாக்ஸ் நிறுவனம் அழகுப் பொருட்களின் சிறு மாதிரிகளை அப்படித்தான் அனுப்பியது. ஆனால், மாதாமாதம் வியப்பூட்டிக்கொண்டே இருப்பதற்குப் பெரிய சரக்கிருப்பு வேண்டும். பன்னிரண்டு பொருள் மட்டும் செய்யும் கடைக்கு அது சில மாதங்களிலேயே வற்றிவிடும். ஆப்பிள் தோட்டம் போல அறுவடையில் பங்கு தருவது இன்னொரு ரகம். அது நிலம் வைத்திருப்பவர்களுக்கு. தீர்ந்ததை நிரப்பித் தரும் பெட்டி மூன்றாவது. சில டஜன் வாடிக்கையாளர்களை மட்டும் வைத்துச் சோதித்துப் பார்க்க நினைக்கும் சிறு கடைக்கு இதுவே ஏற்றது.

மதுரையில் இட்லிப் பொடி, பருப்புப் பொடி, சாம்பார் பொடி விற்கும் ஒரு சிறு கடை என்று வைத்துக்கொள்வோம். கடைக்கு இருநூறு வாடிக்கையாளர்கள் இருக்கலாம். அவர்களில் யாரைப் பெட்டிக்கு அழைப்பது? விடை கடையின் ஆர்டர் நோட்டில் இருக்கிறது. கடந்த ஆறு மாதப் பக்கங்களைப் புரட்டினால், ஒரே பொருளை மூன்று முறைக்கு மேல் வாங்கிய பெயர்கள் தனியாகத் தெரியும். அவற்றில் நாற்பது பெயர்களை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் வாங்கிய தேதிகளை எழுத வேண்டும். ஒரு வீடு ஜூன் 3, ஜூலை 8, ஆகஸ்ட் 12 ஆகிய தேதிகளில் கால் கிலோ இட்லிப் பொடி வாங்கியிருக்கிறது என்றால், அந்த வீட்டுக்குக் கால் கிலோ 35 நாள் வருகிறது.

அந்த வீட்டுக்கு 30 நாளுக்கு ஒருமுறை கால் கிலோ அனுப்பினால் என்ன ஆகும்? முப்பது நாளில் அவர்கள் சாப்பிடுவது ஏறத்தாழ 215 கிராம். மாதம் 35 கிராம் மீதம். ஏழாவது மாதத்தில் பிரிக்காத ஒரு முழுப் பொட்டலம் அலமாரியில் உட்கார்ந்திருக்கும். அதைப் பார்க்கிற அன்றைக்குத்தான் அந்த வீட்டம்மா, “அடுத்த மாசம் வேண்டாம்மா, இருக்கு” என்று குரல் செய்தி அனுப்புவார். அதற்குப் பதிலாக 200 கிராம் அனுப்பினால் 28 நாளில் தீர்ந்துவிடும். ஒன்றிரண்டு நாள் டப்பா காலியாக இருக்கட்டும். பெட்டி வரும்போது வீட்டில் அதற்காகக் காத்திருப்பார்கள். அளவைக் கொஞ்சம் குறைத்தே வைப்பது இந்த வியாபாரத்தில் மிக முக்கியமான முடிவு.

ஆக, பெட்டியில் இட்லிப் பொடி 200 கிராம், பருப்புப் பொடி 200 கிராம், சாம்பார் பொடி 250 கிராம் இருக்கட்டும். மாதம் ஒன்றாக மாறும் 100 கிராம் பொட்டலம் ஒன்றையும் சேர்க்கலாம்: ஒரு மாதம் கறிவேப்பிலைப் பொடி, அடுத்த மாதம் பிரண்டைப் பொடி. மொத்தம் முக்கால் கிலோ. வறுத்த பருப்பை அரைத்த சூட்டோடு பொட்டலம் கட்டினால், உறையின் உள்பக்கம் ஆவி முத்து முத்தாகப் படிந்து, பத்து நாளில் பொடி கட்டி தட்டிவிடும். அகலமான தட்டில் பரப்பி, கையில் சூடே தெரியாத அளவுக்கு ஆறிய பிறகுதான் கட்ட வேண்டும். எள்ளும் தேங்காயும் சேர்ந்த பொடி சீக்கிரம் காறல் வாடை அடிக்கும் என்பதால், அவை எப்போதும் சிறிய பொட்டலமாகவே போகட்டும். உணவுப் பொருள் என்பதால் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு எண், எடை, அரைத்த தேதி எல்லாம் மேலே இருந்தாக வேண்டும்.

அட்டைப்பெட்டியின் அளவில் பலர் காசை விடுகிறார்கள். கூரியர் நிறுவனங்கள் தராசு எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பொதுவாக 5000-ஆல் வகுத்து, அந்த எடை அதிகமாக இருந்தால் அதற்குத்தான் பணம் வாங்குவார்கள். அழகாக இருக்கட்டும் என்று 30க்கு 25க்கு 15 அளவில் பெட்டி வாங்கினால், கணக்கில் இரண்டேகால் கிலோ வரும். உள்ளே இருப்பதோ முக்கால் கிலோ. அதே பொடியை 25க்கு 20க்கு 8 அளவில் அடுக்கினால் கணக்கு எடை 800 கிராம்தான். உறையும் அட்டையும் சேர்ந்தாலும் ஒரு கிலோவுக்குள் முடிந்துவிடும்.

இனி விலை. கூரியரோடு சேர்த்து ஒரு பெட்டி 600 ரூபாய் என்று வைப்போம். பொருளும் அரவைக் கூலியும் 270, உறையும் பெட்டியும் 50, கூரியர் 90 என்றால், மீதி 190. வழியில் கிழிந்த பொட்டலத்துக்கு மாற்று அனுப்ப, பெட்டிக்குப் பத்து ரூபாய் ஒதுக்கினால் 180. நாற்பது பெட்டிக்கு 7,200 ரூபாய். பொட்டலம் கட்ட இரண்டு பேர் ஒரு நாள் முழுக்க உட்கார வேண்டும். அவர்களின் கூலியும் இதிலிருந்துதான். சோதனைக் காலத்தில் இது போதும். இந்தக் கணக்கில் மீதி 80 ரூபாய்க்குக் கீழே போனால், பெட்டி எண்ணிக்கையைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று நம்பித் தொடங்கக் கூடாது.

சோதனை மூன்று பெட்டியோடு முடிந்துவிட வேண்டும். அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். மூன்று மாதத்துக்கு 1,800 ரூபாய் முன்பணம். நாற்பது பேர் கட்டினால் கையில் 72,000 ரூபாய் வந்து நிற்கும். அதில் முதல் பெட்டிக்கான 24,000 மட்டுமே இப்போது கடையின் பணம். மீதி 48,000 இன்னும் அனுப்பாத பெட்டிகளின் பணம், அது கடன். இந்த இடத்தில்தான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். மாசி, பங்குனியில் ராமநாதபுரம் பக்கத்து முண்டு மிளகாய் புதிதாக வரும்போது, மொத்தப் பணத்தையும் போட்டு மூட்டை மூட்டையாக இறக்கிவிடுவார்கள். மூன்றாவது மாதம் பருப்பு வாங்கவும் கூரியருக்குக் கட்டவும் கையில் இருக்காது. அந்த 48,000-ஐத் தனிக் கணக்கில் போட்டு வைத்து, ஒவ்வொரு பெட்டி கிளம்பும் நாளிலும் 24,000 எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

பணம் வாங்க கியூஆர் அட்டை போதும். 2020-இல் வந்த யுபிஐ ஆட்டோபே வழியாக, வாடிக்கையாளர் ஒருமுறை அனுமதித்தால் மாதாமாதம் தானாகப் பணம் எடுத்துக்கொள்ளலாம். கடை வளர்ந்த பிறகு அது நல்ல வசதி. சோதனையின்போது வேண்டாம். தானாகப் பிடிக்கும் பணம், மனம் மாறியவரையும் சில மாதம் வாடிக்கையாளராகக் காட்டும். நான்காவது பெட்டிக்கு அவராகவே கையைத் தூக்கிப் பணம் அனுப்புகிறாரா என்பதைக் கண்டுபிடிக்கத்தானே இத்தனை பாடும்!

இதற்கிடையில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பெட்டி போய்ச் சேர்ந்த 22-ஆம் நாள், வாட்ஸ்அப்பில், “இட்லிப் பொடி எவ்வளவு மீதி இருக்கு?” என்று கேட்க வேண்டும். பிடித்திருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள். மீதி எவ்வளவு என்ற கேள்விக்கு டப்பாவைத் திறந்து பார்த்துப் பதில் சொல்வார்கள். நாற்பதில் பதினைந்து வீடுகளில் பாதிக்கு மேல் மீதி என்றால், பெட்டியை 45 நாளுக்கு ஒருமுறையாக மாற்றலாம். “ஊருக்குப் போறோம், இந்த மாசம் விட்டுருங்க” என்பவருக்கு ஒரு மாதம் தள்ளிவைக்கும் வசதி தர வேண்டும். மே மாதத்தில் பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டதும் பாதி வீடுகள் இதைக் கேட்கும். தள்ளிவைக்க வழி இல்லையென்றால் அவர்கள் நிறுத்திவிடுவார்கள்.

மூன்று பெட்டி முடிந்ததும் எண்ண வேண்டியது, நான்காவதற்குப் பணம் கட்டியவர்களை. சொந்தக்காரர்கள், நண்பர்கள் எட்டுப் பேர் இருந்தால் அவர்களை விட்டுவிட்டு மீதி முப்பத்திரண்டு பேரை எண்ணுவது நல்லது. உறவுக்காகக் கட்டும் பணம் வேறு கணக்கு. அதன் பிறகும் மாதாமாதம் கவனிக்க வேண்டும். மாதம் பத்துக்கு ஒருவர் விலகினால், நாற்பது பேர் ஆறு மாதத்தில் 21 ஆவார்கள். ஐந்துக்கு ஒருவர் விலகினால் பத்துப் பேர்தான் மிஞ்சுவார்கள்; அப்போது புது ஆள் பிடிக்கவே கடையின் பொழுதெல்லாம் போய்விடும். சமையலுக்கான பொருட்களை அளந்து பெட்டியில் அனுப்பிய புளூ ஏப்ரன் நிறுவனத்துக்கு இதுதான் நேர்ந்தது. 2017-இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது அதன் மதிப்பு சுமார் 190 கோடி டாலர். சலுகை கொடுத்து அழைத்து வந்த வாடிக்கையாளர்கள் சில பெட்டிகளோடு நின்றுவிட, மறுபடி விளம்பரம், மறுபடி சலுகை. 2023-இல் அது விற்கப்பட்ட விலை 10.3 கோடி டாலர்.

நான்காவது பெட்டிக்குப் பணம் கட்டாமல் விட்டவர்களுடன் போனில் பேசினால் நோட்டில் தெரியாத செய்திகள் கிடைக்கும். பணம் கட்டியது மதுரையில் இருக்கும் அம்மா, பெட்டி போனது பெங்களூரில் வேலை பார்க்கும் மகனுக்கு என்று இரண்டு மூன்று பேராவது சொல்வார்கள். அந்த மகன் தனியாள். சாம்பார் பொடியைத் தொடுவதே இல்லை. பருப்புப் பொடியும் நெய்யும் இருந்தால் அவனுக்கு ராத்திரி சாப்பாடு முடிந்தது. அவனுக்கு வேண்டியது பருப்புப் பொடி மட்டும் 300 கிராம், கூடவே ஒரு சின்னப் புளியோதரைப் பொடி. பெட்டியை அவன் பெயருக்கு அனுப்பலாம். பணத்துக்கும் 22-ஆம் நாள் கேள்விக்கும் அம்மாவின் எண்ணுக்குத்தான் செய்தி போக வேண்டும். மகனிடம் கேட்டுச் சொல்ல அவருக்கு அது ஒரு சாக்கு.